சின்ன பட்ஜெட் போன்ல ஃபைல் காப்பி பண்ணா ஏன் இழுக்குது? ஸ்டோரேஜ் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

6 ஜிபி கல்யாண வீடியோ ஃபோல்டர பென்டிரைவ்ல இருந்து போனுக்கு ஏத்தினேன். முதல் 2 ஜிபி சட்டுனு போயிடுச்சு, அப்புறம் ஆமை மாதிரி நகருது. போன் கெட்டுப்போச்சா?

கெடல. முதல்ல நீங்க பார்த்தது கடன் வாங்கின வேகம், அப்புறம் வந்தது தான் அந்த சிப்போட சொந்த வேகம். இப்போ வர்ற பட்ஜெட் போன் பெரும்பாலானதுல உள்ள இருக்கறது டிஎல்சிங்கற வகை செல், அதாவது டேட்டா தங்கற குட்டி அறை, அதுல எழுதறது மெதுவா தான் நடக்கும். அத மறைக்கறதுக்கு சிப்புக்குள்ள இருக்கற கண்ட்ரோலர் காலி இடத்துல ஒரு பகுதிய எடுத்து, ஒரு செல்லுக்கு மூணு பிட் எழுத வேண்டிய இடத்துல ஒரே ஒரு பிட் மட்டும் எழுதும். அப்படி எழுதினா வேகம் பிச்சிக்கிட்டு போகும். இதுக்கு எஸ்எல்சி கேஷ்னு பேரு. ஆனா மூணு பங்கு இடத்துல ஒரு பங்கு டேட்டா தான் உக்காருது இல்லையா, அதுனால 2 ஜிபி கேஷ் வேணும்னா 6 ஜிபி இடத்த முழுங்கும், அத ரொம்ப பெருசா வைக்க முடியாது.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. கேஷ் 2 ஜிபி, அதுல எழுதற வேகம் செகண்டுக்கு 150 எம்பி, கேஷ் நிரம்பின பிறகு 40 எம்பின்னு வச்சுக்குவோம். முதல் 2 ஜிபி 13, 14 செகண்டுல முடிஞ்சிடும், மீதி 4 ஜிபிக்கு 100 செகண்ட் ஆகும். மூணுல ஒரு பங்கு வேலை கால் நிமிஷத்துல, மீதி ஒன்றரை நிமிஷத்துக்கு மேல, அதான் நின்னுபோன மாதிரி தெரியுது. நிஜத்துல இன்னும் மோசமாவும் ஆகலாம், ஏன்னா கேஷ் நிரம்பினதும் கண்ட்ரோலர் ரெண்டு வேலை பார்க்கணும், புதுசா வர்ற டேட்டாவையும் எழுதணும், கேஷ்ல அவசரத்துக்கு போட்டு வச்சத எடுத்து மூணு பிட்டா மடிச்சு ஒழுங்கான இடத்துல வைக்கவும் செய்யணும்.

அதே ஃபோல்டர 2 ஜிபி 2 ஜிபியா நடுவுல கொஞ்ச நேரம் விட்டு காப்பி பண்ணி பாருங்க, ஒவ்வொரு தடவையும் ஓரளவு வேகமா போகும். சும்மா இருக்கற நேரத்துல கண்ட்ரோலர் கேஷ காலி பண்ணிடும்.

எஸ்எல்சி, டிஎல்சி எல்லாம் என்ன? ஒரே மாதிரி சிப்பு தானே?

செல் கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதுல எவ்வளவு அடைக்கறோம்ங்கறது தான் வேற. ஒவ்வொரு செல்லும் எலக்ட்ரான புடிச்சு வைக்கற ஒரு குட்டி டம்ளர்னு நினைச்சுக்கோங்க. எஸ்எல்சில டம்ளர் காலியா, தண்ணி இருக்கான்னு மட்டும் பார்த்தா போதும், ரெண்டு நிலை, ஒரு பிட். எம்எல்சில நாலு நிலை, ரெண்டு பிட். டிஎல்சில எட்டு நிலை, மூணு பிட். க்யூஎல்சில பதினாறு நிலை, நாலு பிட். அதே டம்ளர், அதே உயரம், அதுலயே எட்டு கோடு போட்டு சரியா நாலாவது கோட்டுல தண்ணி நிக்கணும்னா எப்படி ஊத்துவீங்க, கொஞ்சம் ஊத்தி பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊத்தி பார்த்து தானே, ஒருதடவை கூட ஊத்திட்டா திருப்பி எடுக்க வழியில்ல. சிப்பும் அதே தான் செய்யுது, சின்ன சின்ன மின் துடிப்பா குடுத்து ஒவ்வொரு தடவையும் அளந்து பார்க்குது. எழுதற நேரம் கூடறது இதுனால தான். படிக்கறதுக்கு இவ்வளவு பாடு இல்ல, அதான் எந்த போன எடுத்தாலும் படிக்கற வேகம் எழுதற வேகத்த விட நல்லா கூடுதலா இருக்கு.

க்யூஎல்சி போன்ல அதிகம் வர்றதில்ல, விலை குறைஞ்ச எஸ்எஸ்டில தான் பார்க்கலாம். எஸ்எல்சி மட்டுமே இருக்கற சிப்பு பேக்டரி மெஷின் மாதிரி இடத்துக்கு போகுது, விலை நமக்கு கட்டாது.

தேயும் தேயும்னு சொல்றாங்களே, அசையற பாகமே இல்லாத சிப்பு எப்படி தேயும்?

எலக்ட்ரான உள்ள தள்ளணும்னாலும் வெளிய இழுக்கணும்னாலும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்த தாண்டி போகணும். அதுக்கு சுமார் 20 வோல்ட் அளவுல அழுத்தம் குடுக்கறாங்க, நம்ம போன் பேட்டரியே 4 வோல்ட் கிட்ட தான், சிப்பு உள்ளயே அத ஏத்திக்குது. ஒவ்வொரு தடவை அழிச்சு எழுதறப்பவும் அந்த படலத்துல கொஞ்சம் சேதாரம் ஆகும், சில எலக்ட்ரான் அங்கயே மாட்டிக்கும். நாளாக நாளாக டம்ளர்ல கசிவு வந்த மாதிரி, நாலாவது கோட்டுல வச்சது மூணாவது கோட்டுக்கு இறங்கிடும். ரெண்டே நிலை இருக்கற எஸ்எல்சிக்கு இந்த கசிவு பெரிய பிரச்சனை இல்ல, எட்டு நிலை இருக்கற டிஎல்சிக்கு ஒரு கோடு இறங்கினாலே டேட்டா தப்பாயிடும்.

அதுனால தான் ஆயுளும் இப்படி இறங்குது: எஸ்எல்சிய 1 லட்சம் தடவை வரைக்கும் அழிச்சு எழுதலாம், எம்எல்சி 3000ல இருந்து 10,000, டிஎல்சி 1000ல இருந்து 3000, க்யூஎல்சி சில நூறுல இருந்து 1000 வரைக்கும். இது தோராயமா சொல்ற அளவு, தயாரிப்புக்கு தயாரிப்பு மாறும்.

பயப்படவேண்டிய அளவான்னு பார்க்கலாம். 64 ஜிபி டிஎல்சி, 1000 தடவைன்னு குறைச்சே வைப்போம், மொத்தம் 64,000 ஜிபி எழுதலாம். ஒரு நாளைக்கு நீங்க 10 ஜிபி எழுதறீங்க, உள்ள நடக்கற இடமாத்தத்துனால அது மூணு மடங்காகி 30 ஜிபி ஆகுதுன்னு வச்சா, 64,000 வகுத்தல் 30, சுமார் 2130 நாள், கிட்டத்தட்ட ஆறு வருஷம். சாதாரணமா பாவிக்கறவங்க 10 ஜிபி கூட எழுதமாட்டாங்க. ஆனா அந்த மூணு மடங்கு பத்து மடங்கு ஆச்சுன்னா? அப்போ ஒன்னேமுக்கால் வருஷம் தான். அது எப்ப ஆகும்னு கீழ சொல்றேன், முக்கியமான விஷயமே அது தான்.

இஎம்எம்சி, யுஎஃப்எஸ்னு பெட்டில போட்டிருக்கு. அதுவும் இந்த டிஎல்சியும் ஒண்ணா?

ரெண்டும் வேற வேற. நிறைய பேரு குழப்பிக்கறது இங்க தான். டிஎல்சிங்கறது டேட்டா தங்கற செல்லோட வகை. இஎம்எம்சி, யுஎஃப்எஸ் ரெண்டும் அந்த செல்லுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல இருக்கற பாதையோட வகை. இஎம்எம்சி சிப்பு உள்ளயும் டிஎல்சி இருக்கலாம், யுஎஃப்எஸ் சிப்பு உள்ளயும் அதே டிஎல்சி இருக்கலாம்.

இஎம்எம்சி பழைய மெமரி கார்டு குடும்பத்துல இருந்து வந்தது. அது சிங்கிள் லைன் ரயில் பாதை மாதிரி, ஒரு பக்கம் வண்டி போறப்போ எதிர் வண்டி கிராசிங்குக்காக ஸ்டேஷன்ல நிக்கணும், அதாவது ஒரே நேரத்துல படிக்கவும் எழுதவும் முடியாது. பாதையோட உச்ச வேகம் 5.1 வெர்ஷன்ல செகண்டுக்கு 400 எம்பி, ஆனா கைக்கு வர்றது படிக்க 250, 300, எழுத அதுல பாதியோ அதுக்கும் கீழயோ தான். யுஎஃப்எஸ் டபுள் லைன், போக ஒண்ணு வர ஒண்ணு, அதோட நிறைய வேலைய வரிசையா வாங்கி வச்சுக்கிட்டு எத முன்னாடி முடிக்கலாம்னு சிப்பே பார்த்துக்கும். 2.1, 2.2ல ரெண்டு லேன் சேர்த்து பாதை 1200 எம்பி கிட்ட, 3.1ல 2900 எம்பி கிட்ட. 2015ல வந்த கேலக்ஸி எஸ்6ல தான் யுஎஃப்எஸ் முதல்ல போனுக்குள்ள வந்துச்சு, இத்தனை வருஷம் கழிச்சும் விலை குறைஞ்ச போன்ல இஎம்எம்சி ஓடிக்கிட்டு தான் இருக்கு, சில ரூபா மிச்சம் ஆகுதுங்கறதுக்காக. எனக்கு இதுல உண்மையாவே வருத்தம் உண்டு, பின்னாடி கேமரா நாலு வைக்கறதுக்கு பதிலா ரெண்டு வச்சுட்டு ஸ்டோரேஜ்ல அந்த காச போட்டிருந்தா அந்த போன் ரெண்டு வருஷம் கூடுதலா உழைக்கும்.

இன்னொண்ணு, ஒரே மாடல்லயே அளவு மாறினா வகையும் மாறலாம். கேலக்ஸி எஸ்23ல 128 ஜிபிக்கு யுஎஃப்எஸ் 3.1, 256 ஜிபிக்கு 4.0. வகை ஒண்ணா இருந்தாலும் பெரிய சைஸ்ல உள்ள அடுக்கி வச்ச சில்லு அதிகம், அதுனால ஒரே நேரத்துல பல இடத்துல எழுத முடியும், எழுதற வேகம் கூடும்.

காப்பி பின்னாடி ஓடிட்டு தானே இருக்கு, அதுக்கு ஏன் வாட்ஸ்அப் திறக்கவே அரை நிமிஷம் ஆகுது? கீபோர்டு கூட வரமாட்டேங்குது.

ப்ராசசர் சும்மா தான் உக்காந்திருக்கும், எல்லாரும் ஸ்டோரேஜுக்காக காத்திருக்காங்க. ஒரு ஆப் திறக்கணும்னா நூத்துக்கணக்கான சின்ன சின்ன துண்டு படிக்கணும். நம்ம சிங்கிள் லைன்ல அப்போ பெரிய கூட்ஸ் வண்டி போயிட்டு இருக்கு. கேஷ் நிரம்பி, உள்ள இடம் மாத்தற வேலையும் நடக்கற நேரத்துல ஒரு எழுத்து வேலை முடியவே நூறு மில்லி செகண்டுக்கு மேல இழுக்கும், அந்த சின்ன துண்டு ஒவ்வொண்ணும் அதுக்கு பின்னாடி நிக்கும், நூறு துண்டு நின்னா என்ன ஆகும்னு நீங்களே பெருக்கி பாருங்க.

அதோட பட்ஜெட் போன்ல ரேமும் கம்மி, 3 இல்ல 4 ஜிபி. காப்பி ஆகற டேட்டா முதல்ல ரேமுக்கு வந்து தான் ஸ்டோரேஜுக்கு போகும், அது அங்க குமிஞ்சதும் இடம் பத்தாம ஆண்ட்ராய்டு பின்னாடி இருந்த ஆப் எல்லாத்தையும் மூடிடும். நீங்க வாட்ஸ்அப்ப தொட்டா அது முதல்ல இருந்து திறக்கணும், எங்க இருந்து? அதே ஸ்டோரேஜ்ல இருந்து. அதுனால தான் பெரிய காப்பி போட்டா போன கீழ வச்சுடுங்கன்னு சொல்றேன், நடுவுல தொட்டா ரெண்டு வேலையும் கெடும்.

4 ஜிபி சினிமா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சு. 800 எம்பி வாட்ஸ்அப் போட்டோ அத விட நேரம் எடுக்குது. எப்படி?

800 எம்பில எத்தனை போட்டோன்னு எண்ணி பாருங்க, ஒண்ணு 200 கேபின்னா 4000 ஃபைல். ஒவ்வொரு ஃபைலுக்கும் பேரு பதியணும், இடம் ஒதுக்கணும், அத கணக்குல எழுதணும், கேலரிக்கு காட்டறதுக்கு மீடியா டேட்டாபேஸ்ல ஒரு வரி போடணும், அப்புறம் தம்ப்நெயில். இதெல்லாம் சிதறின சின்ன எழுத்து, ஃபிளாஷ்னு சொல்ற இந்த வகை சிப்புக்கு புடிக்காததே அது தான். ஒரு ஃபைலுக்கு இந்த மேல்வேலை 50 மில்லி செகண்டுன்னு வச்சாலும் 4000க்கு 200 செகண்ட் ஆச்சு, டேட்டா எழுதற நேரத்த இன்னும் சேர்க்கவே இல்ல.

பேக்கப்புக்கு தான் எடுக்கறீங்கன்னா எல்லாத்தையும் ஒரே ஜிப் ஃபைலா கட்டி அனுப்புங்க, போய் சேர்ற இடத்துல பிரிக்காம அப்படியே வச்சுக்கோங்க. போனுக்குள்ள கொண்டுபோய் பிரிச்சா அந்த 4000 ஃபைல் வேலை மறுபடி வரும், லாபம் இல்ல. போனுக்குள்ளயே ஒரு ஃபோல்டர்ல இருந்து இன்னொண்ணுக்குன்னா காப்பி பண்ணி பழச அழிக்காதீங்க, மூவ் குடுங்க. அது பெரும்பாலும் பேரு மாத்தறதோட முடிஞ்சிடும், டேட்டா நகராது.

வாங்கினப்போ நல்லா தான் இருந்துச்சு. இப்போ 64 ஜிபில 61 நிரம்பியிருக்கு, எல்லாமே இழுக்குது. நிரம்பினா ஏன் மெதுவாகணும்?

ஃபிளாஷுக்கு ஒரு குணம் இருக்கு, எழுதின இடத்து மேலயே திருப்பி எழுத முடியாது, அழிச்சுட்டு தான் எழுதணும். எழுதறது பேஜ் பேஜா, ஒரு பேஜ் 16 கேபி மாதிரி. ஆனா அழிக்கறது பிளாக் பிளாக்கா தான் முடியும், ஒரு பிளாக்ல நூத்துக்கணக்கான பேஜ், பல எம்பி. வீட்டுக்கு வெள்ளை அடிக்கற மாதிரி தான் இது, ஒரு ரூம்ல மட்டும் ஆள் இல்லன்னு அத மட்டும் அடிக்க முடியாது, மொத்த வீட்டையும் காலி பண்ணணும், அதுக்கு மத்த ரூம்ல குடியிருக்கறவங்கள முதல்ல வேற வீட்டுக்கு மாத்தணும்.

கணக்கு சுலபமா இருக்க ஒரு பிளாக்ல 100 பேஜ்னு வச்சுக்குவோம். போன் பாதி தான் நிரம்பியிருக்குன்னா, கண்ட்ரோலருக்கு 50 பேஜ் செத்த டேட்டாவா இருக்கற பிளாக் சுலபமா கிடைக்கும். உயிரோட இருக்கற 50 பேஜ வேற இடத்துக்கு எழுதிட்டு அழிச்சா 50 பேஜ் லாபம். அதாவது உங்க 50 பேஜ எழுத மொத்தம் 100 எழுத்து, ரெண்டு மடங்கு. போன் நிரம்பி வழியுதுன்னா கிடைக்கற பிளாக் எல்லாத்துலயும் 90 பேஜ் உயிரோட இருக்கும். 90 பேஜ இடம் மாத்தி 10 பேஜ் தான் லாபம். உங்க 10 பேஜுக்கு 100 எழுத்து, பத்து மடங்கு! வேகம் பத்துல ஒரு பங்கா விழும், தேய்மானம் பத்து மடங்கா ஏறும். மேல ஆறு வருஷம்னு போட்ட கணக்கு ஒன்னேமுக்கால் வருஷமா சுருங்கினது இப்படித்தான். எஸ்எல்சி கேஷும் காலி இடத்துல இருந்து தான் எடுக்கறாங்க, அதுனால பல சிப்புல நிரம்ப நிரம்ப அந்த கேஷும் சின்னதாகும். ரெண்டு பக்கமும் அடி.

அழிச்சு காலி பண்ணிட்டேன், அப்பவும் உடனே சரியாகலையே?

நீங்க ஒரு வீடியோவ டெலீட் பண்ணா ஆண்ட்ராய்டு தன்னோட கணக்குல இருந்து பேர எடுத்துடும், அவ்வளவு தான். சிப்புக்குள்ள இருக்கற கண்ட்ரோலருக்கு அந்த பேஜ் செத்துப்போச்சுன்னு யாராவது சொல்லணும், சொல்ற வரைக்கும் அது அந்த செத்த டேட்டாவையும் உயிரோட இருக்கறதா நினைச்சு வீடு வீடா தூக்கிட்டு அலையும். அந்த தகவல் சொல்றதுக்கு பேரு ட்ரிம்.

இத ஒழுங்கா பண்ணலைன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு 2012ல வந்த நெக்ஸஸ் 7 டேப்லெட் நல்ல உதாரணம். வாங்கினவங்க எல்லாரும் புகழ்ந்தாங்க, சில மாசத்துல, முக்கியமா ஸ்டோரேஜ் நிரம்ப ஆரம்பிச்சதும், தாங்கமுடியாத அளவுக்கு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. 2013 ஜூலைல வந்த ஆண்ட்ராய்டு 4.3ல, டிவைஸ் சும்மா இருக்கற நேரத்துல ட்ரிம் ஓடற மாதிரி சேர்த்தாங்க, நிறைய பேருக்கு வித்தியாசம் தெரிஞ்சுது. இப்போ இருக்கற போன் எல்லாத்துலயும் இது இருக்கு, ஆனா பெரும்பாலும் ராத்திரி சார்ஜ்ல போட்டு ஸ்கிரீன் அணைஞ்சு இருக்கறப்போ தான் ஓடும். அதுனால அழிச்ச அன்னிக்கு ராத்திரி சார்ஜ்ல போட்டு விட்டுட்டு அடுத்த நாள் பாருங்க. எப்பவும் பத்து நிமிஷம் பத்து நிமிஷமா பவர்பேங்க்ல ஏத்திக்கிட்டே இருக்கறவங்க போன்ல இந்த வேலைக்கு நேரமே கிடைக்காது.

எவ்வளவு காலியா வச்சிருக்கணும்?

நான் வீட்ல எல்லாருக்கும் சொல்றது அஞ்சுல ஒரு பங்கு. 64 ஜிபின்னா சுமார் 13 ஜிபி. அது முடியலன்னா பத்துல ஒரு பங்குக்கு கீழ மட்டும் விடாதீங்க.

கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு ஏத்தினா 30 எம்பிய தாண்டவே மாட்டேங்குது. அதுவும் ஸ்டோரேஜ் தானா?

இங்க ஸ்டோரேஜ குத்தம் சொல்ல முடியாது. பட்ஜெட் போன்ல டைப்-சி போர்ட் இருந்தாலும் உள்ள ஓடறது யுஎஸ்பி 2.0 தான், அதோட உச்சம் 480 மெகாபிட், எட்டால வகுத்தா 60 எம்பி, நடைமுறைல 35, 40 எம்பி. சார்ஜரோட வர்ற கேபிளும் பெரும்பாலும் 2.0 தான். அதுக்கு மேல எம்டிபிங்கற முறை ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்டு, பதில் வாங்கி, அடுத்ததுக்கு போகும், சின்ன ஃபைல்னா செகண்டுக்கு சில எம்பிக்கு கூட இறங்கிடும்.

எங்க அடைப்புன்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. வேகம் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் 35ல ஒரே மட்டமா நின்னா கேபிளும் போர்ட்டும் தான் காரணம். மேல போய் திடீர்னு விழுந்தா, விழுந்து எழுந்து ஆடினா, அது ஸ்டோரேஜ்.

மெமரி கார்டு போட்டுக்கிட்டா இந்த பிரச்சனை தீருமா?

போட்டோ, வீடியோ, பாட்டு வைக்க நல்லது, போனோட சொந்த ஸ்டோரேஜ்ல காலி இடம் கிடைக்கும். ஆப்ப கார்டுக்கு மாத்தறது வேண்டாம். கார்டு மேல இருக்கற குறி பாருங்க, கிளாஸ் 10ன்னா தொடர்ச்சியா எழுத குறைஞ்சது 10 எம்பி, வி30ன்னா 30 எம்பி. இதெல்லாம் ஒரே பெரிய ஃபைலுக்கு. சின்ன சின்ன எழுத்துக்கு ஏ1, ஏ2ன்னு தனி குறி இருக்கு, ஏ1 கார்டு செகண்டுக்கு 500 சின்ன எழுத்து தான் உத்தரவாதம் தருது, ஆப் ஓட அது பத்தாது. ரொம்ப மலிவா பெரிய அளவு போட்டு விக்கற கார்டு போலியா இருக்க வாய்ப்பு நிறைய, 512 ஜிபின்னு காட்டும், உள்ள 16 தான் இருக்கும், அத தாண்டி எழுதினது எல்லாம் காணாம போகும். வாங்கினதும் முழுசா நிரப்பி, திருப்பி படிச்சு பார்த்துடுங்க.

போன்ல ரேம் பத்தலன்னு 4 ஜிபி விர்ச்சுவல் ரேம் ஆன் பண்ணியிருக்கேன். நல்லதா?

இஎம்எம்சி போன்னா அணைச்சுடுங்க. அது ஸ்டோரேஜ்ல ஒரு பகுதிய ரேம் மாதிரி பாவிக்குது, ஏற்கனவே நெரிசலா இருக்கற சிங்கிள் லைன்ல இன்னொரு வண்டி. 4 ஜிபி காலி இடமும் போச்சு, நாள் முழுக்க எழுதறதுனால தேய்மானமும் கூடும்.

உண்மையிலயே எழுதி எழுதி செத்துப்போன சிப்பு யாராவது பார்த்திருக்காங்களா?

பெரிய அளவுல நடந்தது, அதுவும் கார்ல. டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்ல நடு ஸ்கிரீன ஓட்டற கம்ப்யூட்டர்ல 8 ஜிபி இஎம்எம்சி இருந்துச்சு, ஆயுள் 3000 அழிப்பு. கார் ஓடற ஒவ்வொரு நாளும் சிஸ்டம் அதுல எழுதிக்கிட்டே இருந்துச்சு. 8 ஜிபிங்கறது சின்ன இடம், தேய்மானத்த பரப்பி விட அங்க இடமே இல்ல, அஞ்சு ஆறு வருஷத்துல அந்த 3000 தீர்ந்துபோச்சு. ஸ்கிரீன் செத்ததும் பின்பக்க கேமரா, கண்ணாடி பனி நீக்கற கண்ட்ரோல் எல்லாம் கூடவே போச்சு, பாதுகாப்பு பிரச்சனைன்னு அமெரிக்க அரசு அழுத்தம் குடுத்து 2021 பிப்ரவரில சுமார் 1,35,000 கார திருப்பி கூப்பிட்டாங்க. போட்டு குடுத்த மாற்று 64 ஜிபி சிப்பு. அதே அளவு எழுத்து எட்டு மடங்கு இடத்துல பரவுது, அதுனால ஆயுளும் அந்த அளவுக்கு நீளும். போன்ல 32 ஜிபி வாங்கறதுக்கு பதிலா 128 வாங்குங்கன்னு நான் சொல்றதுக்கும் இதே காரணம் தான், நீங்க 30 ஜிபிக்கு மேல வைக்கவே போறதில்லன்னாலும்.

என் போன்ல இருக்கறது எதுன்னு எப்படி பார்க்கறது?

டெவலப்பர் ஆப்ஷன்ல யுஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணிட்டு, adbங்கற டூல் இருக்கற கம்ப்யூட்டர்ல கேபிள போட்டு இத அடிங்க:

```
adb shell getprop ro.boot.bootdevice
```

பதில்ல `ufs`னு வந்தா யுஎஃப்எஸ், `sdhci`, `msdc`, `mmc` மாதிரி வந்தா இஎம்எம்சி. சில போன்ல பதிலே வராது.

வேகம் எங்க விழுதுன்னு பார்க்க, 5 ஜிபிக்கு மேல காலி இருக்கறப்போ இத ஓட்டுங்க:

```
adb shell dd if=/dev/zero of=/data/local/tmp/t.bin bs=1M count=512 conv=fsync
adb shell dd if=/dev/zero of=/data/local/tmp/t.bin bs=1M count=4096 conv=fsync
adb shell rm /data/local/tmp/t.bin
```

முதல் வரி 512 எம்பி எழுதும், ரெண்டாவது 4 ஜிபி. ரெண்டுலயும் கடைசில வேகம் காட்டும். முதல்ல 150, ரெண்டாவதுல 60னு வந்தா நடுவுல கேஷ் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். `fsync` இல்லாம ஓட்டினா ரேமுக்கு போன வேகத்த காட்டி ஏமாத்திடும், அத விட்டுடாதீங்க. ஒருதடவை பார்த்தா போதும், தினமும் ஓட்டினா நீங்களே தேய்க்கற மாதிரி ஆயிடும்.

ரூட் பண்ண இஎம்எம்சி போன்னா எவ்வளவு தேஞ்சிருக்குன்னே கேட்கலாம்:

```
adb shell "su -c 'cat /sys/class/mmc_host/mmc0/mmc0:0001/life_time'"
```

`0x02 0x01` மாதிரி ரெண்டு எண் வரும், சிப்புக்குள்ள ரெண்டு வகை பகுதிக்கு ஒவ்வொண்ணு. `0x01`னா 10 சதவீதத்துக்குள்ள, `0x02`னா 10ல இருந்து 20, அப்படியே ஏறி `0x0a` வந்தா 90ல இருந்து 100. `0x0b` வந்தா கணக்கு போட்ட ஆயுள தாண்டிடுச்சு.

ஸ்பீடு பூஸ்டர் ஆப், இல்ல ஃபேக்டரி ரீசெட், எது உதவும்?

பூஸ்டர் ஆப் வேண்டாம், ஆப்ப எல்லாம் மூடிட்டு திருப்பி திறக்க வைக்கும், ஸ்டோரேஜுக்கு வேலை கூடும். டிஃப்ராக் பண்றதும் வேண்டாம், அது சுத்தற ஹார்டு டிஸ்குக்கு. ரீசெட் உதவும், மொத்த டேட்டா பகுதியும் காலின்னு கண்ட்ரோலருக்கு தெரிஞ்சிடும், புதுசு மாதிரி இடம் கிடைக்கும். தேஞ்ச தேய்மானம் மட்டும் திரும்பி வராது.

சிப்பு சாகப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?

ஒரு அறிகுறி இருக்கு, முதல்தடவை பார்க்கறவங்க வைரஸ்னு நினைச்சுடுவாங்க. நேத்து அழிச்ச போட்டோ ரீஸ்டார்ட் பண்ணா திரும்பி வந்து உக்காந்திருக்கும், இன்ஸ்டால் பண்ண ஆப் காணாம போயிருக்கும், ரீசெட் குடுத்தாலும் பழைய மாதிரியே எழும். என் அத்தை போன்ல இது தான் நடந்துச்சு, நாலு தடவை அழிச்ச பேரன் போட்டோ நாலு தடவையும் திரும்பி வந்துச்சு, பாவம் பயந்தே போயிட்டாங்க. என்னன்னா, தேஞ்சுபோன பிளாக்குக்கு பதிலா வச்சிருந்த மாத்து பிளாக் எல்லாம் தீர்ந்ததும் சிப்பு எழுதறத நிறுத்திக்கிட்டு படிக்க மட்டும் விடும். எழுதின மாதிரி தெரிஞ்சது எல்லாம் ரேம்ல தான் இருந்துச்சு, கரண்ட் போனதும் போச்சு. அதுக்கு முன்னாடி கட்டமா, போன் காரணமே இல்லாம பத்து இருபது செகண்ட் உறையும், லோகோல நின்னு ரீஸ்டார்ட் ஆகும், சில வீடியோ பாதில ஓடாது.

இந்த நிலைல இன்னும் படிக்க முடியும், அது எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது. அதுனால ரீசெட், சாஃப்ட்வேர் போடறதுன்னு எதுவும் செய்யாம முதல்ல கேபிள போட்டு எல்லாத்தையும் வெளிய எடுத்துடுங்க. கடைல சாஃப்ட்வேர் போட்டா சரியாகும்னு சொன்னாலும், டேட்டா வெளிய வந்த பிறகு தான் போன கைல குடுக்கணும். அத்தை போன்ல இருந்து 11 ஜிபி அப்படித்தான் எடுத்தோம், மூணு தடவை நடுவுல உறைஞ்சுது, கேபிள புடுங்கி ரீஸ்டார்ட் பண்ணி விட்ட இடத்துல இருந்து எடுத்தோம்.